சபர் முடிந்து ஊரோடு வந்தபின்

ஜனவரி 4, ஞாயிறு

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சபர், அதாவது வெளிநாட்டு வேலை, முடித்து ஊரோடு வந்துவிட்டவர்களின் வீட்டில் முதல் சில மாதங்கள் ஓர் இறுக்கம் இருக்கும். பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ தனிக்குடித்தனம். வீட்டில் கணவன் மனைவி இரண்டே பேர். "பேரன் பேத்தி எடுத்தவங்களுக்குள்ள என்ன கூச்சம்?" என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு என்று வையுங்கள். 28 வருட சபரில் 14 லீவு, ஆக 28 மாதம். அவர்கள் சேர்ந்து வாழ்ந்ததே 2 வருடம் 4 மாதம்தான். அதிலும் வீடு கட்டுவது, கல்யாணம், சொந்தக்காரர் வீட்டு விருந்து என்று பாதி போயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. லீவில் சண்டை வந்தால், "போற நேரத்துல எதுக்கு" என்று இருவரும் விழுங்கிவிடுவார்கள். அதனால் சண்டை போட்டு, மறுநாள் காலையில் தேநீர் கொடுத்துச் சமாதானமாகும் பழக்கமே உருவாகியிருக்காது. இப்போது வரும் முதல் சண்டையில் இருவரும் பயந்துபோவது அதனால்தான்.

ஜனவரி 9, வெள்ளி

"மச்சான், இன்னிக்கு வெளிய போகலயா?" மனைவியின் இந்தக் கேள்வியில் கணவருக்கு மனம் சுருங்கும். தன்னை விரட்டுகிறாள் என்று எடுத்துக்கொள்வார். அவளுடைய பகல் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் விஷயம் புரியும். லுஹர் தொழுகை முடிந்து சாப்பாடும் ஆனபின் பக்கத்து வீட்டு லாத்தா, மச்சி எல்லாம் கொல்லை வழியாக வந்து நடுவீட்டில் உட்கார்ந்து பேசுவது பல வருட வழக்கம். ஆம்பளை நடுவீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தால் அவர்கள் வருவது நின்றுவிடும். தனிமையில் அவளைத் தாங்கிய கூட்டம் அது. கணவர் வந்ததும் அது கலைந்துபோனால் அவளுக்கு இழப்புதான், வெளியே சொல்ல முடியாத இழப்பு.

இரண்டு மணியிலிருந்து அஸர் வரை நடுவீடு அவளுக்கு என்று வாய்விட்டுப் பேசி முடிவு செய்ய வேண்டும். அவர் மாடியில் படுக்கலாம், திண்ணைக்கோ பள்ளிவாசலுக்கோ போகலாம். "நானே புரிஞ்சு நடந்துக்குறேன்" என்று விட்டால் இரண்டாம் வாரமே பழையபடி ஆகிவிடும்.

ஜனவரி 17, சனி

உதவி செய்கிறேன் என்று அரைகுறையாகச் செய்வதுதான் அதிகச் சண்டையைக் கொண்டுவருகிறது. பதினொரு மணிக்கு மூன்று கிலோ மீனோடு வந்து நிற்பார். அதற்குள் அவள் சாம்பார் வைத்து முடித்திருப்பாள். இரண்டு பேருக்கு அரைக்கிலோ விளமீன் போதும். மீதியைக் கழுவுவதும் அவள் தலையில்.

ஒரே ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்வது நல்லது. மீன் என்றால், முந்தின இரவே நாளைக்கு என்ன ஆணம் என்று கேட்பது, எட்டு மணிக்குள் வாங்குவது, செதிள் எடுத்து அறுத்துக் கொடுப்பது, மீன்கார அம்மாவின் பாக்கியைத் தீர்ப்பது வரை அவருடையது. முதல் மாதம் மற்ற எதிலும் கை வைக்க வேண்டாம், அடுப்படி டப்பாக்களை மாற்றி அடுக்குவது உட்பட.

பணத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மாதாமாதம் வந்த பணம் நின்றதும் அவர் கணக்குக் கேட்கத் தொடங்குவார். அத்தனை வருடம் தனியாக வீட்டை நடத்தியவளுக்கு அது சந்தேகமாகக் காதில் விழும். மாதம் ஒருநாள், இருவரும் சாப்பிட்டபின், கையிருப்பு, வரவு, வரப்போகிற செலவு மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். 2,000 ரூபாய் வரை யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை என்பது போல, வருமானத்துக்கு ஏற்ப ஓர் எல்லை வையுங்கள். கடந்த காலச் செலவை அந்தத் தாளில் கிளறக்கூடாது.

பிப்ரவரி 1, ஞாயிறு

மகனின் வீடியோ காலில் ஒன்றைக் கவனிக்கலாம். அவள் மகனிடம் முழங்கால் வலி என்கிறாள்; பக்கத்திலிருக்கும் கணவர் அதை அப்போதுதான் கேள்விப்படுகிறார். பேச்சு இன்னும் பிள்ளை வழியாகவே போகிறது என்று அர்த்தம். அஸருக்குப் பின் அரைமணி நேரம் கடற்கரைப் பக்கம் சேர்ந்து நடப்பது இதற்கு உதவும். எதிரெதிரே உட்காராததால் பேச்சு எளிதாக வரும். பிள்ளைகளைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் அந்த அரைமணியில் பேச வேண்டாம்.

படுக்கையறை பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் பேசியாக வேண்டும். மாதவிலக்கு நின்றபின் பெண்ணுக்கு வறட்சியால் வலி வரலாம். பல வருடச் சர்க்கரை நோய், நரம்பையும் ரத்தக்குழாயையும் பாதித்து ஆணுக்கு விறைப்புக் குறையைத் தரலாம். அவள் விலகுவதை வெறுப்பு என்று அவரும், அவர் ஒதுங்குவதை அலட்சியம் என்று அவளும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் மருத்துவம் உண்டு. மகளிர் மருத்துவரிடம் அவளும், சர்க்கரை பார்க்கும் மருத்துவரிடம் அவரும் வெளிப்படையாகச் சொல்லலாம். அவர் இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், கடையில் தானாக விறைப்பு மாத்திரை வாங்கவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும்.

தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் ஒருவர் சுருண்டு கிடந்தால் அது கூச்சம் அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம்.