31 சதவீதமும், மஞ்சள் விழாத ஒரு பத்தியும்

என் முனைவர் பட்ட ஆய்வு ஆனைமலைக் காட்டு அத்தி மரங்களைப் பற்றியது. அத்தி என்றால் ஆல், அரசு, இத்தி எல்லாம் சேர்ந்த பேரினம். மற்ற மரங்களில் பழம் இல்லாத மாதங்களில் இருவாச்சிக்கும் மலையணிலுக்கும் குரங்குக்கும் இவைதான் சோறு போடுகின்றனவா என்பது கேள்வி. அப்படிப் போட்டால் அதைக் 'கீஸ்டோன்' ஆதாரம் என்பார்கள். வளைவின் உச்சியில் இருக்கும் ஒற்றைக் கல்லை உருவினால் மொத்த வளைவும் சரிந்துவிடும் இல்லையா, அந்தக் கல்லின் பெயர்தான் அது.

இரண்டாம் அத்தியாயம் லிட்ரேச்சர் ரிவ்யூ. 42 பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் பார்த்து ஒத்த இடங்களுக்கு மஞ்சள் அடிக்கும் ஒப்புமைச் சோதனைக்கு அனுப்பினேன். 31 சதவீதம் என்று வந்தது. 2018இல் வந்த யூஜிசி விதிப்படி 10 சதவீதத்தைத் தாண்டினாலே திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள். நான் எங்கிருந்தும் திருடவில்லை என்று சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் அடைப்புக்குறிக்குள் பெயரும் ஆண்டும் போட்டிருந்தேனே!

முதலில் அந்த 31ஐப் பிரித்துப் பார்த்தேன். கணிசமான பங்கு நூற்பட்டியல். கட்டுரைத் தலைப்புகளும் இதழ்ப் பெயர்களும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே இருக்கும், அவற்றுக்கு மஞ்சள் அடித்திருந்தது. அடுத்தது 'தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடு' வகைச் சொற்றொடர்கள். அதே விதி நூற்பட்டியலையும், தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொல்வரையான தொடர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்கிறது. இவற்றை விலக்கியும் 13 மிச்சம் இருந்தது. அன்றிரவே உட்கார்ந்து மஞ்சள் விழுந்த இடங்களில் சொற்களை மாற்றினேன். 'முக்கியமான' என்பது 'இன்றியமையாத' ஆனது, செய்வினை செயப்பாட்டுவினை ஆனது. காலையில் 8. நிம்மதியாக என் ஆய்வு நெறியாளரான மேடத்திடம் கொண்டுபோனேன்.

மேடம் அறிக்கையைப் புரட்டக்கூட இல்லை. மஞ்சள் ஒரு துளியும் விழாத ஒரு பத்தியைக் காட்டி, "இது நீ எழுதுனதா?" என்றார். ஆமாம் என்றேன். அலமாரியிலிருந்து 1989ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றை எடுத்து அதன் சுருக்கத்தை என் பத்திக்குப் பக்கத்தில் வைத்தார். ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டுக் காட்டில் கோட்டியே-இயோனும் மிஷலோவும் செய்த ஆய்வு அது. அத்தி எப்போதுமே கீஸ்டோன் ஆதாரம்தானா என்பதையே தலைப்பில் கேள்வியாகக் கேட்டவர்கள். அவர்களுடைய முதல் வாக்கியம் சொன்னதை என் முதல் வாக்கியம் சொன்னது, இரண்டாவதை இரண்டாவது, கடைசிவரை அப்படியே. சொல் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை, எலும்புக்கூடு மட்டும் அவர்களுடையது.

"சட்டையை மாத்தினா ஆள் மாறிடுவானா?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

எங்கே தவறு நடந்தது என்று தேடியபோது என் குறிப்புக் கோப்பில் வந்து முட்டிக்கொண்டேன். இரண்டு வருடமாகக் கட்டுரைகளைப் படிக்கும்போது பிடித்த வரிகளை அப்படியே காப்பி எடுத்து ஒட்டியிருந்தேன். நடுநடுவே என் சொந்தக் கருத்தையும் தட்டச்சு செய்திருந்தேன். இரண்டுக்கும் ஒரே எழுத்துரு, ஒரே நிறம், மேற்கோள்குறி கிடையாது. ஒன்றரை வருடம் கழித்துத் திறந்து பார்த்தால் எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. ஆங்கிலம் கொஞ்சம் நன்றாக இருந்தால் அது என்னுடையது இல்லை என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். அத்தியாயம் எழுதியபோது அந்தக் கோப்பைத்தான் பக்கத்தில் திறந்து வைத்திருந்தேன்.

அதனால் கோப்பிலிருந்தே தொடங்கினேன். ஒவ்வொரு குறிப்பையும் மூலக் கட்டுரையோடு ஒப்பிட்டு, அப்படியே எடுத்த வரியைச் சிவப்பாக்கி, மேற்கோள்குறியும் பக்க எண்ணும் போட்டேன். என் சொல் கறுப்பு. ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. படிக்கும்போதே செய்திருந்தால் ஒரு குறிப்புக்கு அரை நிமிடம்.

அப்புறம் அந்தக் காபோன் பத்தி. கட்டுரையை மூடிவைத்து நினைவிலிருந்து எழுது என்பார்கள். எனக்கு அது பலிக்கவில்லை, மூடினாலும் அந்த ஆங்கில வாக்கியம் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆகவே விடுதியில் அறைத்தோழிக்குத் தமிழில் கதையாகச் சொன்னேன். அவள் வணிகவியல் படிப்பவள், அத்தியில் பூ எங்கே இருக்கிறது என்றே தெரியாது. "பெரு நாட்டுல டெர்பர்க்னு ஒருத்தர், பழம் இல்லாத மாசத்துல அத்திதான் காட்டைக் காப்பாத்துதுன்னு 1986ல எழுதினாரு. காபோன்ல போய்ப் பார்த்தா அத்தி மரமே அங்கொண்ணும் இங்கொண்ணுமா நிக்குது, எப்போ பழுக்கும்னும் சொல்ல முடியல. அதை நம்பி எந்த மிருகம் உட்காரும்?" அவள் கேட்டாள்: "அப்போ உன் காட்டுல எத்தனை மரம் இருக்கு, எப்போ பழுக்குது?"

பத்தி அந்தக் கேள்வியிலிருந்தே புதிதாகத் தொடங்கியது. ஓர் அத்தி கீஸ்டோன் ஆக வேண்டுமென்றால் இரண்டு தேவை: மரம் போதுமான நெருக்கத்தில் நிற்க வேண்டும், பஞ்ச மாதத்தில் பழம் இருக்க வேண்டும். இந்தப் பிரிப்பு என்னுடையது, அதற்குச் சான்று போடவில்லை. பெருவில் அத்தி பஞ்ச மாத உணவாக இருந்தது என்ற வாக்கியத்தின் முடிவில் டெர்பர்க். காபோனில் மரங்கள் அரிது என்ற வாக்கியத்தின் முடிவில் 1989ஆம் ஆண்டுக் கட்டுரை. முன்பு பத்திக் கடைசியில் ஒரே அடைப்புக்குறி போட்டிருந்தேன். அதில் எந்த வாக்கியம்வரை அவர்களுடையது, எங்கிருந்து என்னுடையது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

தமிழில் சொல்லிப் பார்ப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. கதை சொல்லும்போது 'பெரும்பாலும்', 'இந்த இடத்தில்' எல்லாம் கழன்று விழுந்துவிடும். என் புதிய பத்தியின் முதல் படியில் 'ஆப்பிரிக்கக் காடுகளில் அத்தி கீஸ்டோன் அல்ல' என்று எழுதிவிட்டேன். அவர்கள் பார்த்தது காபோனில் ஒரு காட்டை. ஆகவே எழுதி முடித்ததும் கட்டுரையைத் திரும்பத் திறந்து இடம், இனம், எண், 'இருக்கலாம்' ஆகிய நான்கையும் சரிபார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

அதே வாரத்தில் டெர்பர்க் எழுதியதன் ஸ்கேன், வேறொரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கும் தோழி மூலம் கிடைத்தது. அதுவரை அவரை நான் படித்ததே இல்லை. வேறொரு ரிவ்யூவில் இருந்த சான்றை அப்படியே தூக்கி வைத்திருந்தேன். மூலத்தைத் திறந்தால் அவர் அத்தியை மட்டும் சொல்லவில்லை, பனைக் குடும்பக் கொட்டைகளையும் பூந்தேனையும் சேர்த்தே சொல்கிறார். கைமாறி வந்ததில் அத்தி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அறைத்தோழியிடம் நான் சொன்ன கதையும் பாதிக்கதைதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

பயம் பிடித்துக்கொண்டது. அறிமுகத்தில் 'கீஸ்டோன் இனம் என்ற கருத்தைப் பெயின் 1966இல் அறிமுகப்படுத்தினார்' என்று எழுதியிருந்தேன். எங்கே படித்தேன் என்றால் எங்கும், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். 1966ஆம் ஆண்டுக் கட்டுரையை இறக்கி `keystone` என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. பழைய ஸ்கேன் கோப்பில் தேடல் சில சமயம் ஏமாற்றும், எனவே 11 பக்கத்தையும் படித்தேன். வாஷிங்டன் கடற்கரையில் 8 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள பாறைப் பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களைத் தொடர்ந்து அகற்றியதும், அங்கிருந்த 15 இனங்கள் 8ஆகக் குறைந்ததும் அதில் இருக்கிறது. அந்தச் சொல் இல்லை. அது 1969இல் அவரே எழுதிய மூன்று பக்கக் குறிப்பில் வருகிறது. சோதனைக்கு ஓர் ஆண்டு, சொல்லுக்கு இன்னோர் ஆண்டு என்று இரண்டு சான்றாகப் பிரித்தேன். எந்த ஒப்புமை மென்பொருளும் இதைக் கண்டுபிடிக்காது. படிக்காததைப் படித்ததாகக் காட்டுவதுதான் இது. உண்மையிலேயே மூலம் கிடைக்காத ஒன்றிரண்டு இடங்களில் 'இன்னாரால் எடுத்தாளப்பட்டது' என்று வெளிப்படையாக எழுதினேன். நூற்பட்டியலில் கையில் இருந்த நூல் மட்டும்.

எல்லாவற்றையும் சொந்த வாக்கில் எழுதியே ஆக வேண்டும் என்ற பிடிவாதமும் ஓரிடத்தில் என்னைக் கவிழ்த்தது. 1996இல் மேரி பவரும் உடன் எழுதியவர்களும் கீஸ்டோன் இனத்துக்குத் தந்த வரையறையில் இரண்டு நிபந்தனை உண்டு: இனத்தின் தாக்கம் பெரிதாக இருக்க வேண்டும், அது அந்த இனம் இருக்கும் அளவுக்குப் பொருந்தாத அளவில் பெரிதாகவும் இருக்க வேண்டும். நான் அதை 'தன் அளவை மீறிய தாக்கம் உடைய இனம்' என்று அழகாகச் சுருக்கியிருந்தேன். மேடம் ஓரத்தில், 'ஏக்கருக்கு ஒன்று இருக்கும் காளான் கொஞ்சம் தாக்கம் செய்தால் அதுவும் கீஸ்டோனா?' என்று எழுதியிருந்தார். முதல் நிபந்தனை போய்விட்டது. வரையறையில் ஒவ்வொரு சொல்லும் வேலை செய்கிறது. அங்கே மேற்கோள்குறி போட்டுப் பக்க எண்ணோடு அப்படியே எடுப்பதுதான் சரி. அறிவியல் ரிவ்யூவில் நேர் மேற்கோள் அபூர்வம், என் 42 பக்கத்தில் இரண்டே இரண்டுதான்.

பொது அறிவு என்று விட்டுவைத்த ஒரு வாக்கியமும் உதைத்தது. ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் தனியாக ஒரு குளவி என்று பள்ளிப் பாடம்போல எழுதி, சான்றில்லாமல் விட்டிருந்தேன். ஒன்றுக்கு மேற்பட்ட குளவி மகரந்தம் சேர்க்கும் அத்திகள் பல இருக்கின்றன என்று இப்போது தெரிந்துவிட்டது. எனக்குப் பொது அறிவாகத் தோன்றுவது துறைக்குள் விவாதமாக இருக்கலாம் என்பதால், சந்தேகம் வந்தால் சான்று போட்டுவிடுகிறேன்.

இரண்டாவது சோதனையில் 9 வந்தது. சொல்லை மாற்றி வாங்கிய 8ஐவிட ஒன்று கூடுதல். மேடம் கையெழுத்துப் போட்டார்.

கோப்பில் இரண்டு வரி மட்டும் சிவப்பும் இல்லாமல் கறுப்பும் இல்லாமல் நின்றது. மூலத்தைத் தேடிக் கிடைக்கவில்லை, நான் எழுதியதாக நினைவும் இல்லை. அதில் ஒன்று, பழுத்த ஆலமரத்தைச் சந்தை நாளோடு ஒப்பிடும் வரி, நல்ல வரி. இரண்டையும் அழித்தேன்.