அப்ஸ்ட்ராக்ட் குடுக்குற அன்னைக்கே ரிவ்யூவர் யாருன்னு பாதி முடிவாயிடுது

ஒரே வேலைதான், போன வருஷம் ஒரு கான்ஃபரன்ஸ்ல ரிஜெக்ட் ஆச்சு, இந்த வருஷம் அக்செப்ட் ஆச்சு. நான் மொரிஷியஸ்ல ரோஸ்ஹில்ல இருக்கேன், மேகம் மறைச்ச சாட்டிலைட் படத்துலயும் எந்தக் கரும்புத் தோட்டம் வெட்டியாச்சு, எது நிக்குதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் எங்க வேலை.

முதல் தடவை பிரைமரி சப்ஜெக்ட் ஏரியால டீப் லேர்னிங்னு போட்டுட்டோம், அப்ஸ்ட்ராக்ட்லயும் முதல் நாலு வரி முழுக்க நெட்வொர்க் பத்தி, கரும்பும் மேகமும் கடைசி வரில. வந்த மூணு ரிவ்யூல ஒருத்தர் தன்னோட கான்ஃபிடன்ஸே அஞ்சுக்கு 2னு போட்டிருந்தார், மத்த ரெண்டு பேரும் நெட்வொர்க்ல என்ன புதுசுன்னுதான் கேட்டாங்க, மேகத்தைப் பத்தி ஒருத்தர்கூட கேக்கல.

டர்பன்ல இருக்குற எங்க சீனியர் அக்காகிட்ட அந்த ரிவ்யூவை அனுப்பினேன், அவங்க பல வருஷமா ரிவ்யூ பண்றவங்க. "தம்பி, பிட்டிங் அப்போ, அதாவது எந்த பேப்பரை ரிவ்யூ பண்ண விருப்பம்னு சொல்றப்போ, நாங்க பாக்குறது டைட்டிலும் அப்ஸ்ட்ராக்டும்தான், முழு பேப்பரை யாரும் திறக்க மாட்டாங்க. யாரும் பிட் பண்ணலைன்னா ஏரியா பொருத்தம் பாத்து யார்கிட்ட இடம் இருக்கோ அவங்களுக்குப் போயிடும்"னாங்க. முழு பேப்பர் டெட்லைன் ஒரு வாரம் கழிச்சு இருந்தாலும் அப்ஸ்ட்ராக்ட் டெட்லைன்தான் முக்கியம்னு அப்பதான் உறைச்சது.

இந்த தடவை முதல் வரியே மேகம், பிரைமரி ஏரியா ரிமோட் சென்சிங்.

முழு பேப்பர் டெட்லைன் 23:59 AoE, அதாவது Anywhere on Earth நேரம். அது UTCக்கு 12 மணி நேரம் பின்னால, நாம 4 மணி நேரம் முன்னால, அதனால இங்க மறுநாள் சாயங்காலம் 3:59. அந்த மறுநாள் தைப்பூசக் காவடி, வீட்ல எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தாங்க. காலைலயே ஒரு தடவை அப்லோட் பண்ணிட்டு அதே ஃபைலை இறக்கிப் பாத்தா மூணாவது படத்துல எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா தெரியுது, ஃபான்ட் உள்ள சேரல, சரிபண்ணி மதியம் திரும்பப் போட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு ரிவ்யூ வந்துச்சு. ரெண்டு பேர் சாதகம், மூணாவது ஆள் கேட்டது சரியான இடத்துல குத்துச்சு, ஒரே தோட்டத்தோட பிக்சல் ட்ரெயினிங்லயும் டெஸ்ட்லயும் கலந்திருக்குதேன்னு. ரிவ்யூவருக்குப் பதில் எழுதுற ரிபட்டலுக்கு ஒரு வாரம், ஒரே பக்கம். மத்த கேள்விக்கெல்லாம் ஒவ்வொரு வரி மட்டும் எழுதிட்டு, தோட்டம் தோட்டமா பிரிச்சு திரும்ப ஓட்டினோம், 91 சதவீதமா இருந்த துல்லியம் 86 ஆ இறங்குச்சு, அதை அப்படியே எழுதி, பழைய முறையும் அதே பிரிப்புல 79க்கு விழுதுன்னு பக்கத்துலயே டேபிள் போட்டோம்.

அவர் வீக் ரிஜெக்ட்ல இருந்து வீக் அக்செப்டுக்கு மாத்தினார். முடிவு மெயிலோட வந்த, எல்லா ரிவ்யூவையும் தொகுத்த மெட்டா ரிவ்யூல அந்த டேபிளை கடைசி வடிவமான கேமரா-ரெடில கட்டாயம் சேக்கணும்னு இருந்துச்சு, நேத்துதான் சேத்து அனுப்பினோம்.