முதல் பார் யாருது?

"இந்த முதல் பார் யாருது?"

எங்கள் தையல் கம்பெனி மீட்டிங்கில் என் சார்ட்டைப் பார்த்து மேனேஜர் கேட்டது இவ்வளவுதான். நான் உடனே, "மூணாவது லைன் சார், ஃபிளாட்லாக் மிஷின்" என்றேன். யோசிக்கவே இல்லை. கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கிறதே என்ற சந்தோஷத்தில் சொன்னேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. எந்த வகை டேமேஜ் அதிகம் என்று பார்களாக அடுக்கிக் காட்டுவதுதான் பரேட்டோ சார்ட். அது "எது" என்று காட்டும், "யார்" என்று காட்டாது. அதை அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒரு வாரத்து செக்கிங் நோட்டை வைத்துப் போட்ட சார்ட் அது. மொத்தம் 400 டேமேஜ். தையல் விட்டது 148, ஆயில் கறை 92, அளவு மாறியது 56, துணியில் ஓட்டை 36, ஷேட் 24, லேபிள் தப்பு 20, இதர வகைகள் 24. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, "இதர" என்பதை மட்டும் கடைசியில் வைத்தேன். அது எவ்வளவு உயரமாக இருந்தாலும் அதன் இடம் கடைசிதான். பக்கத்து நெடுவரிசையில் கூட்டுச் சதவீதம்:

```
=SUM(B$2:B2)/SUM(B$2:B$8)
```

இதைக் கீழே இழுத்தால் 37%, 60%, 74%, 83% என்று ஏறிப் போகும். எண்ணிக்கையை பாராகவும் சதவீதத்தைக் கோடாகவும் வைத்து காம்போ சார்ட் போட்டு, கோட்டை வலது பக்க அச்சுக்கு மாற்றினால் வேலை முடிந்தது. பார்க்கிறவருக்கு அப்படித்தான் தெரியும்.

என் மனசு உறுத்துவது இடது அச்சில். எக்செல் தானாகவே இடது அச்சை 160-லும், வலது அச்சை 120%-லும் நிறுத்தியது. வலதை 100% ஆக்கினேன். இடதை 400, அதாவது மொத்த டேமேஜ் எண்ணிக்கைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் இரண்டு அச்சும் ஒரே அளவில் நிற்கும், கோட்டின் முதல் புள்ளி முதல் பாரின் தலையில் சரியாக உட்காரும். உட்காரவில்லை என்றால் அச்சு தப்பு. சார்ட்டைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்க இதைவிட சுலபமான வழி கிடையாது.

நான் 400 போட்டுத்தான் பார்த்தேன். பார் எல்லாம் குட்டையாகி, கடைசி மூன்றும் தரையோடு தரையாகப் படுத்துவிட்டன. மேலே பாதிச் சார்ட் காலி. பார்க்க நன்றாக இல்லை என்று திரும்ப 160-க்கே விட்டேன். உண்மையில் 37% உள்ள பார், கூரையைத் தொடுகிற மாதிரி நின்றது. கோட்டின் முதல் புள்ளி அந்த பாரின் இடுப்புக்குக் கீழே கிடந்தது. மீட்டிங்கில் இருந்த யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டியவன் நான் ஒருத்தன்தான்.

அச்சைச் சரியாக வைத்திருந்தாலும் முதல் பார் முதல் பார்தானே, அவர் அதையேதான் கேட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. இருக்கலாம். ஆனால் கூரை தொடும் பாரைப் பார்த்தவர் குரல் வேறு, பத்தில் நான்கு பங்குகூட இல்லாத பாரைப் பார்ப்பவர் குரல் வேறு.

அடுத்த நாள் அந்த ஃபிளாட்லாக் டெய்லரை ஹெல்ப்பர் வேலைக்கு மாற்றினார்கள். 148-ல் 81 அவர் மிஷினில் வந்தது என்று நானே பிரித்துக் கொடுத்திருந்தேன். பெரிய பாரை எடுத்து லைன் வாரியாக, மிஷின் வாரியாக மறுபடி ஒரு பரேட்டோ போடுவது வழக்கமான முறைதான், அதில் தப்பில்லை. ஆனால் 81 என்பது வெறும் எண்ணிக்கை. அவர் எத்தனை பீஸ் தைத்து 81 வந்தது, எந்தத் துணியில் வந்தது என்று என் சீட்டில் இல்லை.

துணி விஷயத்தை செக்கிங் அக்கா முன்னாடியே சொல்லியிருந்தார். நோட்டு வாங்கப் போனபோது, "ஏனுங்க தம்பி, மூணாவது லைன்ல இந்த வாரம் பூரா லைக்ரா துணிங்க. துணி எதுன்னு எழுத ஒரு கட்டம் போட்டுக் குடுங்க" என்றார். லைக்ரா ஊசியை இழுக்கும். பால் பாயின்ட் ஊசி போடாமலோ, மழுங்கிய ஊசியோடோ ஓட்டினாலும், லூப்பர் டைமிங் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் தையல் விடும். இது எனக்குத் தெரியாததில்லை. அன்றைக்கு ஏழு வகையே போதும், கட்டம் கூடினால் நோட்டு நிரம்பாது என்று நினைத்தேன்.

டெய்லரை மாற்றியதற்கு அடுத்த வாரம் தையல் விட்டது 148-லிருந்து 70 ஆகக் குறைந்தது. மேனேஜர் என் தோளில் தட்டினார். அதே வாரம் லைக்ரா ஆர்டரும் முடிந்திருந்தது. குறைந்தது ஆள் மாறியதாலா, துணி மாறியதாலா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. சில நாள் ஆளால்தான் என்று நம்பிக்கொள்வேன். அவர் கொஞ்சம் அவசரக்காரர்தான்.

இன்னொரு சீட்டும் அன்று லேப்டாப்பில் இருந்தது. அதில் எண்ணிக்கைக்குப் பதில் பணம். தையல் விட்ட பீஸைத் திரும்பத் தைக்க 3 ரூபாய், 148 பீஸுக்கு 444. ஓட்டை விழுந்த பீஸ் போனது போனதுதான், பீஸுக்கு 140 ரூபாய் என்று வைத்தால் 36 பீஸுக்கு 5,040. எல்லா வகைக்கும் இப்படிப் போட்டால் மொத்த நஷ்டம் 9,824 ரூபாய். எண்ணிக்கையில் நாலாவதாக நின்ற ஓட்டை, பணத்தில் தனியாகவே பாதிக்கு மேல். தையல் விட்டது 5%-கூட இல்லை. அதே 400 டேமேஜ்தான், வேறு சார்ட்.

அதை ஏன் காட்டவில்லை? கணக்கு அரைகுறை, அளவு மாறியதற்கும் ஷேடுக்கும் நான் போட்ட தொகை குத்துமதிப்பு என்று காரணம் சொல்வேன். அது பொய்யில்லை. ஆனால் ஓட்டை நிட்டிங்கிலிருந்தே வருவது, துணி வருவது முதலாளியின் சொந்தக்காரர் யூனிட்டிலிருந்து. அந்த பாரைப் பார்த்து "யாருது?" என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? மூணாவது லைன் என்று சொன்ன வேகத்தில் சொல்லியிருக்க மாட்டேன்.

இந்தச் சார்ட்டுக்குப் பெயர் வைத்ததிலேயே ஒரு தப்பு உண்டு. பரேட்டோ இத்தாலியப் பொருளாதார அறிஞர், சொத்து எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்று பார்த்தவர். தரக் குறைகளுக்கு அவர் பெயரைக் கொண்டுவந்து ஒட்டியது தரக் கட்டுப்பாட்டு நிபுணர் ஜோசப் ஜுரான். 1975-ல் அவரே, அது நான் செய்த தவறு, அந்தக் கூட்டுச் சதவீத வளைகோடு லோரென்ஸ் என்பவருடையது என்று எழுதி ஒப்புக்கொண்டார். படித்தபோது அவர் மேல் மரியாதை வந்தது. பெயரை மாற்றி வைத்ததற்கு அவர் கட்டுரை எழுதினார். நான் மேனேஜர் ரூம் வாசல் வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன்.

இப்போது இடது அச்சை மொத்தத்துக்கே வைக்கிறேன். பார் குட்டையாக இருக்கிறது என்று மேனேஜர் சொன்னார், அப்படியே விட்டுவிட்டேன். பணச் சீட்டு இன்னும் என் லேப்டாப்பில்தான் இருக்கிறது. நோட்டில் துணி எது என்று எழுத ஒரு கட்டமும் போட்டேன். ஷிப்மெண்ட் நெருக்கத்தில் அதை யாரும் நிரப்புவதில்லை. அக்காவும் நிரப்புவதில்லை. கேட்டால், "எழுதி என்னங்க தம்பி ஆகுது" என்கிறார்.