ஸ்கிரைப் வச்சு கணக்குப் பரீட்சை நடத்தின கதை

என் கிளாஸ்ல ஒன்பதாவது படிக்கிற ஒரு பையனுக்கு பெருமூளை வாதம். மெதுவா இழுத்து இழுத்து பேசுவான், ஆனா பேனா பிடிக்க முடியாது. பத்தாவது பப்ளிக்ல அவன் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஸ்கிரைப் கெடைக்கும், அதுக்கு முன்னாடியே பழகட்டும்னு அரையாண்டு கணக்கு பேப்பர அவனுக்கேத்த மாதிரி மாத்தி வச்சேன்.

நேரம் பெரிய விஷயமா இல்ல. மத்திய அரசோட 2018 வழிகாட்டுதல்ல மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாம கூடுதல் தரணும்னு இருந்துச்சு, அத வச்சு மூணு மணி நேர பேப்பருக்கு நாலு மணி நேரம் கொடுத்தோம். பேசிப் பேசி களைச்சுப்போனா வாய் குழறும்ல, அதனால நடுவுல தண்ணி குடிக்க விட்ட நேரத்தைக் கணக்குல சேக்கல.

உண்மையான தலைவலி அல்ஜீப்ராலதான். "எக்ஸ் பிளஸ் ரெண்டு பை எக்ஸ் மைனஸ் மூணு"ன்னு அவன் சொன்னா அது (x+2)/(x−3)-ஆ இல்ல x + 2/x − 3-ஆ? கேட்டு எழுதுறவங்க கணக்கு தெரிஞ்சவங்களா இருந்தா சரியானத அவங்களே எழுதிடுவாங்க, அப்புறம் மார்க் யாருக்குப் போடுறது? அதனால பரீட்சைக்கு முன்னாடியே ஒரு பேச்சு முறை வச்சுக்கிட்டோம். "பின்னம் ஆரம்பம், மேல எக்ஸ் பிளஸ் ரெண்டு, கீழ எக்ஸ் மைனஸ் மூணு, பின்னம் முடிஞ்சுது." அடைப்புக்குறியும் அப்படியே, "திற", "மூடு"ன்னு சொல்லணும். ஒவ்வொரு வரி முடிஞ்சதும் ஸ்கிரைப் எழுதினத வாசிக்காம பேப்பர அவன் பக்கம் திருப்பிக் காட்டுவாங்க, ஏன்னா வாசிக்கும்போது குரல் ஏறி இறங்கும், அதுலயே க்ளூ கெடைச்சிடும்.

ஜாமெட்ரி இன்னும் சிக்கல். BC = 6 செ.மீ, கோணம் B = 50°, AB = 4.5 செ.மீ, முக்கோணம் வரையணும். ஸ்கேல், பாகைமானி எல்லாம் ஸ்கிரைப் கையில, இவன் சொல்ல மட்டும் செய்யணும். "அம்பது டிகிரி போடுங்க"ன்னான். எந்தப் புள்ளியிலன்னு சொல்லல. "B-லயா?"ன்னு ஸ்கிரைப் கேட்டா விடையே வெளிய வந்துடும், அதனால எது குறைஞ்சாலும் "முழுசா சொல்லு" மட்டும்தான் சொல்லணும்னு ஏற்கெனவே பேசி வச்சிருந்தோம். அப்படியே சொன்னாங்க. அவன் கொஞ்சம் யோசிச்சுட்டு, "B-ய மையமா வச்சு, BC மேல, அம்பது டிகிரி"ன்னான். அங்கதாங்க மார்க்! கோடு நேரா இருக்கான்னு நான் பாக்கவே இல்ல, அது ஸ்கிரைப்போட கை. அவன் சொன்ன படிகளத்தான் திருத்தினேன். உதவிப்படத்துக்கும் அதேதான், எந்த முனைக்கு எந்த எழுத்து, எந்த அளவு எங்கன்னு அவன் சொல்லியிருந்தா போதும்.

முழுசையும் போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சது நல்லதாப் போச்சு. காரணிப்படுத்துற கணக்குல ஒரு மைனஸ் பிளஸ்ஸா இருந்துச்சு, ஆடியோவ ஓட்டிப் பாத்தா அவன் மைனஸ்னு தெளிவாவே சொல்லியிருக்கான், களைப்புல திருப்பிக் காட்டினப்போ கவனிக்கல. அந்த மார்க்க கொடுத்துட்டேன். கிராஃப் கேள்விக்கு மட்டும் இன்னும் வழி பிடிபடல, புள்ளிகள சொல்லிடுறான், ஆனா அளவுத்திட்டத்த தேர்ந்தெடுக்குறதுக்குள்ள நேரம் போயிடுது.