வாசல் கல்லில் இருந்த பெயர்

பெர்லினில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு வாசலில், நடைபாதையில் ஒரு பித்தளைக் கல் பதித்திருக்கிறார்கள். உள்ளங்கை அகலம்தான். 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி ஒரு பெண்ணின் பெயர், பிறந்த ஆண்டு, 1942இல், நாஜிகள் பிடித்து வைத்திருந்த செக் பகுதியில் இருந்த தெரெசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்ட செய்தி. நாலு வருஷம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். போன குளிர்காலத்தில்தான் அவருடைய கோப்பைத் தேடத் தோன்றியது.

அந்தக் கோப்புகள் போட்ஸ்டாமில், பிராண்டன்பர்க் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வதைமுகாம் ஆவணமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். கையில் வந்ததோ வரி அலுவலகத்துக் கோப்பு. நாடு கடத்தப்பட்டவர்களின் சொத்தைக் காசாக்குவதற்கென்றே பெர்லின் நிதி அலுவலகத்தில் ஒரு தனிப் பிரிவு இருந்திருக்கிறது.

முதல் தாள்கள் 16 பக்கச் சொத்து விவரப் படிவம். அவரே நிரப்பியது. பழைய ஜெர்மன் கையெழுத்து, ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் பரிதாபப்பட்டு எழுத்துப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். நாற்காலி எத்தனை, தலையணை உறை எத்தனை, கைக்குட்டை எத்தனை என்று கேட்டுக்கொண்டே போகிறது. கடைசியில் கையொப்பத்தில் 'சாரா' என்று ஒரு பெயர் கூடுதலாக இருந்தது. கல்லில் அது இல்லை. வேறு ஆளின் கோப்போ என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். 1939 ஜனவரி முதல், அரசு ஏற்றுக்கொண்ட 'யூதப் பெயர்' இல்லாத யூதப் பெண்கள் எல்லாரும் 'சாரா' என்றும், ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும் சேர்த்து எழுத வேண்டும் என்பது சட்டம். அப்புறம் எந்தக் குமாஸ்தாவும் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை, கையொப்பமே சொல்லிவிடும்.

அடுத்தது ஜப்தி உத்தரவு. இதில்தான் அதிக நேரம் சிக்கிக்கொண்டேன். 1941 நவம்பரில் வந்த ஒரு ஆணைப்படி, ஜெர்மனிக்கு வெளியே வசிக்கப் போகும் யூதருக்குக் குடியுரிமை போய்விடும், சொத்தும் தானாக அரசுக்குச் சேரும். அதாவது, அரசே ரயிலில் ஏற்றி எல்லையைத் தாண்டவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் ஜெர்மனியின் பிடியில் இருந்த தெரெசியன்ஸ்டாட் சட்டத்தின் கணக்கில் வெளிநாடு இல்லை. அதனால் அங்கே போகிறவர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு உத்தரவு போட்டார்கள். 'அரசின் எதிரிகள்' சொத்தைப் பறிக்க 1933இல் வந்த சட்டங்கள் அதற்குக் கைகொடுத்தன. நீதிமன்ற அமீனா ஒருவர் கிரோஸ ஹாம்பர்கர் தெருவில், ரயிலேற்றுமுன் ஆட்களைத் திரட்டி வைத்திருந்த சேகரிப்பு முகாமுக்கே போய் அதை அவர் கையில் கொடுத்து, கொடுத்த விவரத்தையும் பதிந்திருக்கிறார். அந்த முகாம் அதற்கு முன்பு யூத சமூகம் நடத்திய முதியோர் இல்லம். அனுப்பப் போகிற ஆளுக்கு நோட்டீஸ் சார்வு செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை!

பிரச்சாரம் என்றால் கோயபல்ஸின் வானொலியும், தெருமுனைக் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டிய 'டெர் ஷ்ட்யூர்மர்' என்ற யூத வெறுப்புப் பத்திரிகையும்தான் என்று நினைத்திருந்தேன். கோப்புக்குள்ளும் அது இருந்தது. தெரெசியன்ஸ்டாட்டை வயதானவர்களுக்கான இடம் என்று சொல்லி, சாகும்வரை தங்குமிடமும் சாப்பாடும் தருவதாக ஒப்பந்தம் போட்டுச் சேமிப்பை வாங்கிக்கொண்டார்கள். இவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். அங்கே காத்திருந்தது பசியும் நோயும் நெரிசலும். பலரை அங்கிருந்து கிழக்கே கொலைமுகாம்களுக்கும் அனுப்பினார்கள்.

நானும் ஏமாந்தேன். ஒரு கடிதத்தில் அவரைப் பற்றி 'இடம்பெயர்ந்தார்' என்று பொருள்படும் சொல் இருந்தது. சரி, எப்படியோ தப்பித்துவிட்டார் போல என்று இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். காப்பகத்து அம்மாதான் திருத்தினார்: அதே தேதியில் ரயில் பட்டியலிலும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், அலுவலகங்கள் நாடு கடத்தலை அப்படித்தான் எழுதின. பார்த்தேன், இருந்தது.

அவர் எப்போது இறந்தார் என்பது இந்தக் கோப்பில் இல்லை. நிதி அலுவலகத்துக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் அவர் போன பிறகுதான் கோப்பு தடிமனாகிறது. மதிப்பீட்டாளர் வந்து அலமாரிக்கும் கட்டிலுக்கும் விலை போட்டது, பழைய சாமான் வியாபாரி எடுத்துக்கொண்டது, பூட்டிக் கிடந்த மாதங்களுக்கு வாடகை கேட்டு வீட்டுக்காரர் எழுதியது. வீட்டுக்காரர் கடிதத்தில் கோபமோ வெறுப்போ எதுவும் இல்லை, பாக்கி கேட்கிறவரின் மரியாதையான நடைதான்.

கடைசித் தாள் மின்சாரக் கட்டணம். அவர் விட்டுப்போன சில மார்க் பாக்கியை அவருடைய பணத்திலிருந்தே தரும்படி கம்பெனி கேட்டிருந்தது. சரிபார்த்து, கொடுத்துவிட்டதாக 1943இல் ஒரு முத்திரை. மீட்டர் இருந்த இடம் என்று எங்கள் வீட்டு விலாசம், மாடி எண்ணோடு.