மூன்றாம் ஷிஃப்டில் ஒரு விரல்: விபத்து அறிக்கை எழுதிய நான்கு நாட்கள்

10 அக்டோபர் 2023, செவ்வாய்

விடியற்காலை மூன்றரைக்கு போன் வந்தது. பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில் ஒருவருக்குக் கை மாட்டிவிட்டது. அம்பாசமுத்திரம் பக்கத்து நூற்பாலை ஒன்றில் பாதுகாப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆலையின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வராது.

நான் போய்ச் சேர்வதற்குள் மேற்பார்வையாளர் படிவத்தை நிரப்பி வைத்திருந்தார். காரணம் என்ற இடத்தில், "ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில் கவனக்குறைவாகக் கையை விட்டதால்." ஒரே வரியில் இரண்டு தீர்ப்பு. நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் அப்போது நூல் முறுக்கும் ரிங் ஃபிரேம் பக்கம் இருந்தாராம்.

புதுப் படிவம் எடுத்தேன். அந்த இயந்திரத்தின் மோட்டாருக்கு மின்சாரத்தைத் துண்டித்து, கயிறு கட்டி, யாரும் தொடாதபடி ஓர் ஆளை நிறுத்தினேன். மூடியைப் படம் எடுத்தேன். உள்ளே சுற்றும் பெரிய உருளையான சிலிண்டர் முழுக்க நின்ற பிறகே மூடியைத் திறக்க விடும் பூட்டு ஒன்று அதில் இருக்க வேண்டும். அதன் நாக்கு இல்லை. திருகாணி இருந்த இரண்டு துளைகளிலும் பஞ்சுத் தூசி எண்ணெயோடு சேர்ந்து மெழுகுபோல் இறுகியிருந்தது. குச்சியால் குத்தினால்தான் வந்தது.

"நெடுநாளாகப் பூட்டு இல்லை" என்று எழுதிவிட்டு அடித்தேன். நான் பார்த்தது துளையையும் தூசியையும்தான். அறிக்கையில் அவையே போயின. பராமரிப்புப் பதிவேட்டில் இந்த ஆண்டு அந்தப் பூட்டைப் பற்றி ஒரு பதிவும் இல்லை என்பது அடுத்த வரி. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது படிப்பவர் பாடு.

11 அக்டோபர், புதன்

ஆலைக்குள் இரண்டு விரல் போய்விட்டதாகப் பேச்சு. மருத்துவர் சீட்டில் இருப்பது: வலது மோதிர விரலின் நுனிக் கணு துண்டிப்பு, நடுவிரலில் கிழிந்த காயம். சீட்டில் உள்ளபடியே எழுதினேன்.

பிற்பகல் காயம்பட்டவரைப் பார்க்கப் பாளையங்கோட்டை போனேன். "அண்ணாச்சி, பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் மூடியைத் திறந்தேன். மோட்டார் சத்தம் அடங்கிவிட்டது. நின்றுவிட்டது என்று நினைத்தேன்" என்றார். பஞ்சை உள்ளே இழுக்கும் லிக்கர்-இன் உருளைப் பக்கம் அடைத்திருந்த பஞ்சை எடுக்கப் போயிருக்கிறார். அவர் சொன்ன சொற்களையே எழுதி, வாசித்துக் காட்டி, இடது பெருவிரல் ரேகை வாங்கினேன். வலது கை கட்டுக்குள் இருந்தது. "அவர் கூறியது" என்ற தலைப்பின் கீழ்தான் இது இருக்கும்; நடந்தது என்ற தலைப்பின் கீழ் அல்ல.

12 அக்டோபர், வியாழன்

மேற்பார்வையாளர் ஓர் ஆதாரத்தோடு வந்தார். இயந்திரத்தின் திரையில் நிறுத்திய நேரம் 2:51. அலறல் கேட்டது 2:45க்கு என்று மேஸ்திரி சொல்கிறார். தேநீர் வரும் நேரம் என்பதால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "அப்படியென்றால் கை போன பிறகுதானே நிறுத்தியிருக்கிறார்கள்?"

எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் பட்டது. பிறகு இரண்டு கடிகாரங்களையும் கைபேசியோடு ஒப்பிட்டேன். சுவர்க் கடிகாரம் சரியாக இருந்தது. திரையில் உள்ளது 8 நிமிடம் முந்தி ஓடுகிறது. ஆக நிறுத்தியது 2:43, அலறல் 2:45. அந்த ஷிஃப்டில் அந்த இயந்திரம் நிறுத்தப்பட்டதாக வேறு பதிவும் இல்லை.

நிறுத்திய பின் சிலிண்டர் எவ்வளவு நேரம் சுற்றும்? பக்கத்தில் உள்ள அதே வகை இயந்திரத்தை, மூடியைத் திறக்காமல், ஃபிட்டரோடு மூன்று முறை நிறுத்திப் பார்த்தேன். ஒருமுறைகூட மூன்றரை நிமிடத்துக்குக் குறையவில்லை. மோட்டார் ஓய்ந்தாலும் அந்தக் கனத்த உருளை தன் வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. பக்கத்து ரிங் ஃபிரேம் இரைச்சலில் அது காதில் விழாது.

சோதனை நடந்தது வேறு இயந்திரத்தில் என்பதையும், மேஸ்திரியின் நேரம் நினைவிலிருந்து சொன்னது என்பதையும் எழுதினேன். "நிறுத்திய பின், சிலிண்டர் ஓயுமுன் காயம் ஏற்பட்டிருக்கலாம்" என்ற வரியை "ஊகம்" என்ற தனித் தலைப்பில் வைத்தேன்.

48 மணி நேரம் தாண்டியும் காயம்பட்டவரால் வேலைக்கு வர முடியவில்லை. தொழிற்சாலைகள் சட்டம் 88ஆம் பிரிவின்படி ஆய்வாளருக்கு அறிவிப்பு போக வேண்டும். போயிற்று.

14 அக்டோபர், சனி

பூட்டைக் கழற்றியது யார் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். உற்பத்தி குறைகிறது என்று யாரோ சொல்லித்தான் கழற்றியிருப்பார்கள் என்பது என் எண்ணம். இந்த நாட்குறிப்பில் அதை எழுதலாம். அறிக்கையில் அதற்குச் சாட்சி இல்லை, எழுதவில்லை.

மேற்பார்வையாளர் கோபத்தில் இருந்தார். "கவனக்குறைவு என்பது என் கருத்து, அதை எழுத எனக்கு உரிமை இல்லையா?" இருக்கிறது என்று தனித்தாள் ஒன்றைக் கொடுத்தேன். மேலே "மேற்பார்வையாளரின் கருத்து, இவர் சம்பவத்தை நேரில் பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார்.

மாலையில் ஃபிட்டர் வந்தார். "சார், அந்தத் திரைக் கடிகாரத்தைச் சரிசெய்துவிடட்டுமா?" ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை எட்டு நிமிடம் முந்தியே ஓடட்டும் என்றேன்.