பாட்டியின் தூக்கு விளக்கும் 15-வது இதழும்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியின் பூஜை அறை வாசலில் ஒரு பித்தளைத் தூக்கு விளக்கு தொங்குகிறது. நாச்சியார்கோவிலில் வாங்கியது, ஐந்து முகம். அதே மாதிரி ஒன்றை பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் செய்து தரச் சொல்லி அந்தேரி இன்டீரியர் டிசைனர் ஒருவர் கேட்டிருந்தார். அளவெடுக்கக் கழற்றித் தாருங்கள் என்றேன். "கழட்டிட்டு, சாயங்காலம் கொக்கியில திரி போடறதா?" என்றார் பாட்டி.

சரி, தொங்குகிற நிலையிலேயே படம் எடுக்க வேண்டியதுதான். கிட்டே நின்று கீழிருந்து எடுத்தால் அகலின் வாய் முட்டை வடிவமாகத் தெரியும், மேல் தண்டு குறுகிவிடும். அதைப் பார்த்து வரைந்தால் எல்லாமே கோணல். அதனால் தாழ்வாரக் கோடிக்குப் போய், ஸ்டூலில் ஏறி, அகலின் உயரத்துக்கு போனைப் பிடித்து ஜூம் செய்து எடுத்தேன். நடுவே காய்ந்துகொண்டிருந்த வேட்டியை அதன் சொந்தக்காரர் முணுமுணுத்தபடியே தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

படத்தைப் பின்னால் வைத்து, நடு அச்சிலிருந்து வலது பக்கக் கோட்டை மட்டும் வரைந்தேன். மேல் குமிழ், தண்டின் வளையங்கள், அகல், அடியில் தொங்கும் மொட்டு. பாட்டி தோளுக்குப் பின்னாலிருந்து, "பாதி விளக்குக்குத்தான் காசு குடுத்திருக்காளா?" என்றார். கோட்டை அச்சைச் சுற்றிச் சுழற்றும் `Screw` போட்டு, அச்சு Z, கோணம் 360 என்றதும் விளக்கு முழுசாக நின்றது. "அட, கடைசல் பிடிக்கறாப்ல இருக்கே!" அதேதான். பட்டறையிலும் வார்த்தெடுத்த பிறகு கடைசல் இயந்திரத்தில் சுற்றவிட்டுத்தானே சீவுகிறார்கள்.

சந்தோஷம் ஒரு நிமிடம்கூட இல்லை. "அகலுக்குக் கனமே காணோமே, எண்ணெய் தாங்குமா?" என்றார். கோடு விளிம்போடு நின்றால் அப்படித்தான் இருக்கும். விளிம்பைத் தாண்டி உள்பக்கமாக இறங்கி, நடு அச்சு வரை போய்த் தொட வேண்டும். அச்சைத் தொடாமல் மயிரிழை தள்ளி நின்றாலும் அடியில் ஊசித்துளை விழும். வளையங்களின் ஓரமும் மழுங்கித் தெரிந்தது. ஒவ்வொரு மூலையிலும் ஒரு புள்ளிக்குப் பதில் நெருக்கமாக இரண்டு வைத்ததும், வெளிச்சம் பட்டுப் பளிச்சென்று ஒரு கோடு விழுந்தது.

அடுத்தது முகங்கள். சுற்றினால் வட்டம்தான் வரும், திரி வைக்கும் மூக்கு வராது. அதை இழுக்க வேண்டும். இந்த இடத்தில்தான், ஒரு சுற்றை எத்தனை கட்டமாகப் பிரிப்பது என்று சொல்லும் `Steps` எண் முக்கியம். பலரும் பழக்கத்தில் 64 போடுவார்கள். 64 ஐந்தால் வகுபடாது, மூக்கு ஒன்று புள்ளியிலும் அடுத்தது புள்ளிகளுக்கு நடுவிலும் விழும். 60 போட்டால் முகத்துக்கு 12 கட்டங்கள். அகலைச் சுற்றியுள்ள இதழ்கள் 15, இதழுக்கு 4 கட்டங்கள், முகத்துக்கு மூன்று இதழ்கள். கணக்கு கச்சிதம். `Apply` கொடுத்துவிட்டு, விளிம்பில் 12 கட்டத்துக்கு ஒரு புள்ளியாக ஐந்தைத் தேர்ந்து, பக்கத்துப் புள்ளிகளையும் கூடவே இழுக்கும் `Proportional Editing` போட்டு, உயரம் மாறாமல் பெரிதாக்க S, பிறகு Shift+Z. ஐந்து மூக்கும் ஒன்றாக வெளியே நீண்டன.

இதழை ஒன்று செய்து, பிரதிகளை அடுக்கும் `Array`-யில், 24 டிகிரி திருப்பிய `Empty` என்ற வெற்றுக் குறி ஒன்றை `Object Offset`-ஆகக் கொடுத்தேன். வட்டமாக நிற்க வேண்டியவை ஒன்றைவிட ஒன்று பெரிதாகி ஜிலேபி சுற்றின. இதழின் மேல் தங்கிவிட்ட பழைய அளவு மாற்றம் பிரதிக்குப் பிரதி பெருகும். Ctrl+A-யில் `Scale` கொடுத்ததும் அடங்கியது.

பாட்டி எண்ணிப் பார்த்தார். "பதினஞ்சு சரி. ஆனா கடைசி ஒண்ணு ஒடுங்கியிருக்கணுமே?" நிஜ விளக்கில் போய்ப் பார்த்தேன். ஆமாம். உளியால் கொத்திக்கொண்டே வந்தவருக்குக் கடைசியில் இடம் போதவில்லை போலிருக்கிறது, இதழை நெருக்கி அடைத்துவிட்டார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. `Array`-யையும் `Apply` செய்து, அந்த ஒன்றை மட்டும் ஒடுக்கினேன்.

பித்தளைக்கு `Metallic` 1, `Roughness` 0.25. வெறும் சாம்பல் பின்னணியில் அது ஈயம் மாதிரி கிடந்தது. உலோகம் சுற்றியிருப்பதைத்தானே காட்டும்? ஒரு அறையின் வெளிச்சத்தை முழுச்சுற்றும் பதிந்த `HDRI` படத்தைச் சுற்றிலும் வைத்ததும் மின்னியது. உச்சியில் இருக்கும் அன்னத்தைச் சுற்றவெல்லாம் முடியாது, தனியே கையால் செதுக்கி, சங்கிலி வளையங்களை ஒன்றுவிட்டு ஒன்று 90 டிகிரி திருப்பிக் கோத்து அனுப்பினேன்.

டிசைனரிடமிருந்து பதில் வந்தது: பிரமாதம், ஆனால் ஒரு இதழ் மட்டும் சிறுத்திருக்கிறது, திருத்துங்கள்.

பாட்டியிடம் சொன்னேன். "அவளுக்குத் திருத்திக் குடு. என் பேரனுக்கு அனுப்பறதுல கை வெக்காதே."

இப்போது என்னிடம் இரண்டு கோப்புகள். காசு வந்தது திருத்திய கோப்புக்கு.